பின்னால் போன முள்

எழுதுவதற்கு உரிய ஆள் நான் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மோட்டார்களில் கட்டித் தொங்கவிடும் அட்டைத் துண்டுகளில்தான்: எத்தனை குதிரை வலு, எந்தத் தோட்டம், எந்த மாதம் வந்தது. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்ததை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு காலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அந்தக் காலை விளங்க வேண்டுமென்றால் எங்கள் கடையில் நாங்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை அது. முதலாளி முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் ஊரே அவரை நானா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்து பெக்டரிகளிலிருந்துதான் எங்களுக்குப் பாதி வேலை வரும். கருகின கம்பியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, மோட்டார்க் கூட்டின் உள்ளே உள்ள காடிகளில் இறக்கி, வார்னிஷ் ஊற்றிச் சூளையில் காயவைப்போம். கம்பி சுற்றுவதும் இறக்குவதும் என் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. விரல் நுனிகளில் தோல் தடித்துப் போய்விட்டது.

மோட்டாரைத் திருப்பிக் கொடுக்குமுன் ஓட்டிப் பார்த்து அளக்க வேண்டும். மோட்டாருக்கு மூன்று வயர்களில் கரண்ட் வருகிறது. அதை அளக்க மூன்று மீட்டர்கள் வேண்டாம், இரண்டு வாட்மீட்டர்கள் போதும். முதலாவது வயரில் ஒன்று, மூன்றாவது வயரில் ஒன்று. வோல்ட்டைப் பார்ப்பதற்காக இரண்டின் மெல்லிய வயர்களும் நடுவிலுள்ள இரண்டாவது வயருக்குப் போகும். இரண்டும் காட்டுவதைச் சேர்த்தால் மோட்டார் மொத்தமாக எவ்வளவு எடுக்கிறது என்று வந்துவிடும். வெறும் சூடாக்கும் கம்பிகளை இணைத்திருந்தால் இரண்டு முள்ளும் ஒரே அளவில் நிற்கும். மோட்டார் என்றால் அப்படி நிற்காது. ஒன்று அதிகம் காட்டும், மற்றது குறைவாகக் காட்டும். கம்பியைக் கோணலாகச் சுற்றியதால் அப்படி வருகிறது என்று பலர் நினைப்பார்கள். அது உண்மையா என்று அறிய மூன்று வயர்களிலும் ஓடும் கரண்டைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றும் சமமாக இருந்தால் சுற்றில் குறையில்லை. முட்கள் விலகி நிற்பது சுமையின் குணத்தைத்தான் சொல்கிறது.

மோட்டார் இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு வேலை செய்யப் போகிறது. இன்னொரு பங்கு உள்ளே காந்தத்தை எழுப்பிவிட்டு வந்த வழியே திரும்பிப் போகிறது. சுமை குறையக் குறைய வேலைக்குப் போகும் பங்கு சுருங்கும்; காந்தத்துக்கான பங்கு அப்படியே இருக்கும். அப்போது குறைவாகக் காட்டும் முள் இன்னும் இறங்கும். வோல்ட்டையும் கரண்டையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் வர வேண்டியதில் சரிபாதிதான் உண்மையான வேலை என்ற நிலையில் அந்த முள் பூச்சியத்தில் நிற்கும். அதற்கும் கீழே போனால் பின்னால் சாய்ந்து, ஓரத்தில் முள்ளைத் தடுக்க வைத்த ஆணியில் முட்டிக்கொள்ளும். சும்மா சுற்றும் மோட்டார் எதுவானாலும் அப்படித்தான்.

பின்னால் போன முள்ளை வாசிக்க முடியாது. அதற்காக மீட்டரின் பக்கவாட்டில் ஒரு குமிழ் உண்டு. திருப்பினால் முள் முன்னால் வரும். ஆனால் அப்படி வந்த அளவைக் கூட்டக் கூடாது. மற்றதிலிருந்து கழிக்க வேண்டும். எங்கள் மீட்டர்கள் பழையவை. குமிழருகே இருந்த கூட்டல், கழித்தல் அடையாளங்கள் கைபட்டுத் தேய்ந்து போய்விட்டன. அதனால் நானா கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குமிழைத் திருப்புகிறவர் அந்தக் கணமே "கழி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். கடையில் நான் சத்தமாகச் சொல்லும் ஒரே சொல் அதுதான் என்று நானா கேலி செய்வார்.

"இந்தப் புள்ளக்கி வாயில ஒரு சொல்லுத்தான் ஈக்கி. அதுவும் கழிக்கிற சொல்லு."

இனி அந்தக் காலை நடந்த தோட்டத்துக்கு வருகிறேன். தெமோதரையில் இறங்கி இன்னொரு பஸ் ஏறிப் போக வேண்டும். நான் பிறந்த தோட்டம்தான். இப்போது என் தங்கச்சி அங்கே இருக்கிறாள். அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். ஒரு மழை நாளில் சரிவில் கூடையோடு விழுந்து முழங்கால் போனது. பதுளை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு மலை ஏற முடியாது என்று பார்த்து, பெக்டரியைப் பொறுப்பாக நடத்தும் டீமேக்கர் அவளை அங்கே தூள் சலிக்கும் அறையில் போட்டார். சமதரையில் நின்று செய்யும் வேலை. பெக்டரி ஓடும் வரைக்கும் அவள் கால் தாங்கும். அவள் புருஷன் அதே பெக்டரியில் எலக்ட்ரீஷன்.

கரண்ட் கட்டணம் ஏறியதிலிருந்து அந்த பெக்டரியின் மேல் கம்பனியின் கண் விழுந்துவிட்டது. ஒரு கிலோ தேயிலைக்கு மற்ற இடங்களைவிட அதிகம் கரண்ட் போகிறதாம். மூடிவிட்டுக் கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. காரணம் கண்டுபிடிக்கும்படி டீமேக்கருக்கு உத்தரவு. அவர் தங்கச்சி புருஷனிடம் சொல்ல, அவன் எங்கள் கடைக்கு வந்து இரண்டு வாட்மீட்டர்களையும் இரவல் வாங்கிப் போனான். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான்.

பிறகுதான் டீமேக்கர் நானாவுக்கு போன் எடுத்தார். கொழுந்து அரைக்கும் ரோலரின் மோட்டார், போன வருஷம் நாங்கள் சுற்றிக் கொடுத்தது, பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓட்டினாலே நாலு கிலோவாட்டுக்கு மேல் தின்கிறதாம். சுற்றினது சரியில்லையாம். கம்பனி எஞ்சினியர் வந்து பார்க்கப் போகிறாராம்; அதே மீட்டர்களோடு கடையிலிருந்தும் ஆள் வர வேண்டுமாம்.

நானாவுக்கு அப்போதுதான் கண் ஆப்பரேஷன் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"நீ சுத்தின மோட்டர், நீயே போ புள்ள," என்றார். "நாலு கிலோவாட்டு சும்மா திண்டா அந்த மோட்டர்ல ரொட்டி சுடலாம். எங்கயோ பிழ ஈக்கி. பாத்துட்டு வா. என்ட கடைட பேர் ஒன்ட கையில."

அந்த மோட்டாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சுற்றிப் பொருத்திய அன்று நானாவும் நானும் போய்ச் சுமையோடு அளந்தோம். ரோலர் நிறையக் கொழுந்து. இரண்டு முள்ளும் முன்னாலேயே நின்றன. ஒன்று எட்டாயிரத்துச் சொச்சம், மற்றது மூவாயிரத்துச் சொச்சம். நான் அன்று வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

எஞ்சினியர் காலையில் வருவார் என்பதால் முதல் நாள் பின்னேரமே தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். மீட்டர்கள் இரண்டையும் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். தொழிலாளர் அறைகள் வரிசையாக உள்ள லயத்தில் கடைசிக் காம்பரா அவர்களுடையது. தங்கச்சி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மீட்டர் பையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கேட்காமலிருந்திருந்தால் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

"தம்பி, அளக்கும்போது முள்ளு ரெண்டும் முன்னாலயா நின்னுச்சு?"

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டான்.

"ஒன்னு பின்னால போச்சுக்கா. ஆணியில போய் டக்குனு முட்டுச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. டீமேக்கர் ஐயா வெளிய போன் பேசிக்கிட்டு இருந்தாரு. அவரு பாக்குறதுக்குள்ள அந்தக் குமிழத் திருப்பிட்டேன்."

"ஏன் பயந்த?"

"என்னக்கா கேக்குறீங்க? மீட்டரு பின்னால ஓடுதுன்னா என்ன சொல்லுவாங்க? மேல் லயத்துல அந்த வீட்டுக்கு கரண்ட் போர்டுக்காரங்க வந்தாங்களே, மறந்துட்டீங்களா? கள்ளக் கரண்டுனு வயரையே புடுங்கிட்டுப் போனாங்க. பெக்டரியில நான்தான் எலக்ட்ரீஷன். மொதல்ல என்னையத்தான் கேப்பாங்க."

மேல் லயத்து வீட்டுக்கதை எனக்கும் தெரியும். வீட்டு மீட்டர் பின்னால் சுற்றினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பயத்தோடேயே வளர்ந்தவன் இந்த மீட்டரையும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். குமிழைத் திருப்பினான், முள் முன்னால் வந்தது, நிம்மதியாக இரண்டையும் கூட்டிவிட்டான். எங்கள் கடை வழக்கத்தை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். ஒன்று இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது, மற்றது ஆயிரத்து எழுநூற்று நாற்பது என்றான். கூட்டினால் நாலாயிரத்து முந்நூற்று எண்பது. கழித்தால் தொளாயிரம். அந்தப் பருமனான மோட்டார் சும்மா சுற்றும்போது எடுக்க வேண்டியது அவ்வளவுதான். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

அதை அவர்களிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். தங்கச்சி ரொட்டியைக் கல்லிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள்.

"அப்ப மோட்டரு நல்லாருக்குன்னா, கரண்டு எங்க போவுது?" என்றாள்.

அவளுக்கே தெரியும். கொழுந்து குறைந்துவிட்டது. பாதி மலையில் புல் வளர்ந்து கிடக்கிறது. பறிக்கிற பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். நாலு ரோலர் ஓடிய அறையில் ஒன்று ஓடுகிறது. அதுவும் நிறைவதில்லை. கொஞ்சமாய் அரைத்தாலும் மோட்டார், ஃபேன், அடுப்பு எல்லாம் ஓடித்தான் ஆக வேண்டும்.

"அக்கா, மோட்டருதான் கெட்டதுன்னா புது மோட்டரு போடுவாங்க. டீமேக்கர் ஐயாவே சொன்னாரு. புதுசு போட்டுப் பாத்துட்டுத்தான் மத்ததப் பேசுவாங்களாம். அதுக்குள்ள மழ வரும், கொழுந்து ஏறும்."

"அது பொய்க் கணக்கும்மா."

"நான் பொய் சொல்லச் சொல்லல. நீ சும்மா இருந்தாப் போதும். நீ எப்பவும் சும்மா இருக்குறவதானே."

அவள் புருஷன், "விடு புள்ள, அக்காவ ஏன்," என்று முனகினான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். காலை நீட்டும்போது உள்ளே கம்பி இழுப்பது முகத்தில் தெரிந்தது. நானாவின் கறுப்புக் கண்ணாடியும் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு குமிழைத் திருப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு சுலபம் என்று நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது.

காலையில் பனி விலகுமுன் எஞ்சினியர் வந்துவிட்டார். சிங்களவர், என் வயதுதான் இருக்கும். தோட்டங்களிலேயே வேலை செய்ததால் நன்றாகத் தமிழ் பேசினார். கையில் ஒரு கிளிப் மீட்டர் மட்டும் வைத்திருந்தார். வயரை வெட்டாமல் கவ்விப் பிடித்துக் கரண்டைப் பார்க்கிற மீட்டர். மேலே வாட்டும் தொட்டிகளில் கிடந்த கொழுந்து அரைப்பதற்குத் தயாராக இருந்தது. அரைக்கும் அறையில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரமாக நின்றார்கள். சலிக்கும் அறைக் கதவருகே தங்கச்சியும் நின்றாள். தலையில் வெள்ளைத் தொப்பி.

"மோட்டருக்கு இன்னைக்கி வைத்தியம்," என்றான் ரோலர்காரன் ஒருவன்.

"ஊசி போடுவாங்களா?"

"பதுளையில இருந்து நர்ஸம்மா வந்திருக்காங்க பாரு."

குனிந்துகொண்டே வயர்களைப் பூட்டினேன். பெல்ட்டைத் தங்கச்சி புருஷன் கழற்றினான். மோட்டார் கிளம்பும்போது கரண்ட் பல மடங்கு ஏறும். அது மீட்டருக்குள் போனால் எரிந்துவிடும். அதனால் மீட்டரைச் சுற்றிக் கடத்தும் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். மோட்டார் வேகம் பிடித்ததும் எஞ்சினியர் தலையாட்டினார். சுவிட்சை எடுத்தேன். அவர் மோட்டார்ப் பக்கம் போய், மூன்று வயர்களையும் ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்தார். மீட்டர்களின் முகம் என் பக்கம் மட்டுமே இருந்தது.

"பதினொன்று. பதினொன்று. இதுவும் பதினொன்று," என்றார். "அக்கா, ஒங்கட மீட்டர் என்ன சொல்லுது?"

முதலாவது முள் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதில் நின்றது. இரண்டாவது பின்னால் ஆணியில் முட்டிக்கொண்டிருந்தது. முதலாவதை வாசித்தேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு இரண்டாவது மீட்டரின் குமிழில் கை வைத்தேன்.

அந்த நேரம் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். தங்கச்சி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. கூடையோடு விழுந்த அன்று, யாராவது தூக்குவார்களா என்று கீழே கிடந்தபடி மேலே பார்த்தாளாம். அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

குமிழைத் திருப்பினேன். முள் முன்னால் வந்து ஆயிரத்து எழுநூற்று நாற்பதில் ஆடி நின்றது.

"கழி," என்றேன்.

கடையில் சொல்வதைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மோட்டார் இரைச்சலையும் மீறி அறை முழுக்கக் கேட்டது. அது என் மனம் யோசித்துச் சொன்னதா, இருபது வருஷப் பழக்கத்தில் கை திரும்பியதும் வாய் தானாகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நேர்மையாகச் சொன்னேன் என்று பெருமைப்பட எனக்கு உரிமை இல்லை.

எஞ்சினியர் நிமிர்ந்தார். "ஓ, பின்னால போகுதா? சும்மா ஓடுற மோட்டர், போகத்தான் வேணும். அப்ப தொளாயிரம். சரியான கணக்கு." மோட்டாரின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் நின்றார். "இது நாலு கிலோவாட் தின்னிருந்தா இந்நேரம் கை வைக்க ஏலாது. நல்லா சுத்தியிருக்கு."

டீமேக்கர் தங்கச்சி புருஷனைப் பார்த்தார். அவன் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அன்னைக்கி நாலு கிலோவாட்டுனு எப்படியா சொன்ன?"

"கூட்டிட்டேங்கையா."

"கூட்டிட்டியா? வீட்டுச் செலவையும் இப்படித்தான் கூட்டுவியா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எஞ்சினியர், "விடுங்க டீமேக்கர், படிச்ச ஆட்களே அதச் செய்யுறாங்க," என்று சொல்லிவிட்டு, "பெல்ட்டப் போடுங்க. கொழுந்தோட பாப்போம்," என்றார்.

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெல்ட்டைப் போட்டு, மேலேயிருந்து வாட்டின கொழுந்தை ரோலருக்குள் இறக்கினார்கள். அடி மறைந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு கொழுந்து வருவது நின்றுவிட்டது. ரோலர் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முட்கள் ஆடும். நடு அளவை எடுக்க வேண்டும். முதலாவது நாலாயிரத்தைத் தாண்டியது. இரண்டாவது குமிழ் இன்னும் திருப்பினபடியே இருந்தது. சுமை ஏறினால் அந்த முள் பூச்சியத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போக வேண்டும். அப்போது குமிழைப் பழைய பக்கம் திருப்பிவிடலாம். பிறகு கழிக்கத் தேவையில்லை. ரோலர் மூடியை இறக்கி அழுத்தம் கொடுத்தார்கள். முள் பூச்சியத்தை நோக்கி வந்தது. ஐந்நூறு, நானூற்றெழுபது. அதற்கு மேல் வரவில்லை.

நான் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வா, வா என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். மோட்டார் சுற்றும்போது ஒரு முள்ளை இப்படி நான் வேண்டிக்கொண்டதே இல்லை.

"இன்னும் கழிக்கவா அக்கா?" என்றார் எஞ்சினியர்.

"ஆமாங்க சேர். நாலாயிரத்து இருநூத்தி அம்பதுல நானூத்தி எழுவது."

அவர் ரோலருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு டீமேக்கரிடம் கேட்டார்: "கொழுந்து இவ்வளவுதானா? மிச்சம் மேலே இருக்கா?"

"அவ்வளவுதாங்க சேர். நேத்து தோட்டத்து ரெண்டு டிவிஷன்ல இருந்தும் வந்தது இதுதான்."

"இது பதினஞ்சு கிலோவாட் மோட்டர். இப்ப நாலு கூட இல்ல," என்றார் அவர். குரலில் கோபமில்லை. "மோட்டர்ல பிழையில்ல. ரோலர்ல பிழையில்ல. வேலைதான் இல்ல. ஃபேன் எல்லாத்தையும் அளந்தாலும் இதேதான் வரும். சின்ன மோட்டர் போட்டா கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனா இந்தக் கொழுந்துக்கு அதையும் வாங்குவாங்கன்னு நான் நினைக்கல."

சுவரோரம் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரோலர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டீமேக்கர் தோட்டத்து மேனேஜரான பெரியதொரைக்கு போன் எடுப்பதற்காக வெளியே போனார். கண்ணாடி ஜன்னல் வழியாக அவர் தலையாட்டிக்கொண்டே பேசுவது தெரிந்தது. திரும்பி வரும்போது யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்விட்டார்.

நான் மீட்டர்களைக் கழற்றித் துவாயில் சுற்றினேன். எஞ்சினியர் பக்கத்தில் வந்து, "நானாவுக்குச் சொல்லுங்க, மோட்டர் பழுதில்லன்னு நான் எழுதிக் குடுப்பேன்," என்றார். நல்ல மனுஷர். அவர் உள்ளங்கையில் மோட்டாரின் எண்ணெய்க் கறை இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்தக் கை மோட்டாரில் பட்டதுமே உண்மை தெரிந்திருக்கும். நாலு கிலோவாட்டைச் சும்மா தின்னும் மோட்டார் குளிர்ந்திருக்காது. என் சொல்லால் எதுவும் மாறவில்லை. சொல்லாமலிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

இதைத் தங்கச்சியிடம் சொல்லிவிட வேண்டும் என்று சலிக்கும் அறைக்குப் போனேன். சல்லடை நின்றிருந்தது. அவள் தரையில் சிந்திக் கிடந்த தூளை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் பாரம் போட்டு, மறுகாலை இழுத்து இழுத்து.

"நான் சொல்லாட்டியும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. கைய வச்சுப் பாத்தாரே," என்றேன்.

"தெரிஞ்சிருக்கும்," என்றாள். கூட்டுவதை நிறுத்தவில்லை. "அவரு சொல்லியிருந்தா அவரு சொன்னதா போயிருக்கும். நீதானே அக்கா சொன்ன. அறையில இருந்த அத்தன பேருக்கும் கேட்டுச்சு."

"நான்..."

"ஒரு நாளும் சத்தமாப் பேசாதவ."

அவள் தூளை ஒரு மூலையில் குவித்தாள். தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு, "பஸ் போயிரும், போ. மீட்டரு பத்திரம்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் புருஷன் பஸ் நிறுத்தம் வரைக்கும் மீட்டர்ப் பையைத் தூக்கி வந்தான். வழியில் ஒரு தடவைதான் பேசினான்.

"அக்கா, ரெண்டும் முன்னால நின்னா மட்டும்தான் கூட்டணுமா?"

"ஆமா தம்பி."

"அப்ப நம்ம பெக்டரியில இனி எப்பவும் கழிக்க வேண்டியதுதான்," என்றான். பகிடியாக, வேடிக்கைக்குச் சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடியில்லை.

பதுளைக்கு வந்து சேர்ந்ததும் நானாவிடம் மோட்டாரில் பிழையில்லை என்று சொன்னேன். "நான் சொன்னனே, அல்ஹம்துலில்லாஹ்," என்று கறுப்புக் கண்ணாடிக்குள் சிரித்தார். என் முகத்தை அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. தேத்தண்ணி வாங்கித் தந்தார். குடித்துவிட்டு, சுற்றிக்கொண்டிருந்த கம்பியின் முனையைத் தேடி எடுத்தேன்.

அடுத்த நாள் இரண்டு டிவிஷன் கொழுந்தையும் லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்து பெக்டரிக்கு அனுப்பினார்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குத் தங்கச்சியை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.